சுருக்குவதற்காக நீட்டும் ஒரு நிறுவல்

பூலியன் இயற்கணிதம் படித்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "AB + A'C + BC என்னும் கோவையில் BC தேவையற்றது என்று நிறுவ, அந்த BC-ஐயே முதலில் இரண்டு உறுப்புகளாக நீட்டுகிறார்கள். சுருக்க வேண்டிய இடத்தில் நீட்டத் தோன்றுவது எப்படி? விடையை முன்பே தெரிந்துகொண்டு செய்த வித்தையாகத்தான் எனக்குப் படுகிறது." அவருடைய சந்தேகம் நியாயமானது. பாடநூல்கள் பெரும்பாலும் நான்கு வரிகளில் இந்த நிறுவலை முடித்துவிடுகின்றன. அந்த நீட்டல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.

அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடலாம். மாறிகள் 0 அல்லது 1 என்னும் இரண்டு மதிப்புகளையே ஏற்கும். கூட்டல் "அல்லது" என்பதையும், பெருக்கல் "மற்றும்" என்பதையும், A' என்பது A-இன் மறுப்பையும் குறிக்கும். A + A' = 1 என்பதும் AA' = 0 என்பதும் தெரிந்தவையே. பள்ளி இயற்கணிதத்தில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு: பெருக்கல் கூட்டலின்மீது பங்கிடப்படுவதைப் போலவே, கூட்டலும் பெருக்கலின்மீது பங்கிடப்படும். அதாவது X + YZ = (X + Y)(X + Z).

முதலில் உட்கவர் விதிகளைப் பார்ப்போம். A + AB = A என்பது அவற்றுள் முதன்மையானது. A மெய்யானால் முழுக்கோவையும் மெய்யாகிவிடுகிறது; A பொய்யானால் AB-யும் பொய்யாகிவிடுகிறது. ஆகவே AB எந்த நிலையிலும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதை A உள்வாங்கிக்கொள்கிறது. இயற்கணித வழி இது:

```
A + AB = A·1 + A·B
       = A(1 + B)
       = A·1
       = A
```

மூன்றாம் வரியில் 1 + B = 1 என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதையும் நிறுவிக்கொள்வதே முறை. 1 + B என்பதை (B + 1)(B + B') என்று எழுதலாம், ஏனெனில் இரண்டாவது அடைப்பின் மதிப்பு 1. இப்போது மேலே சொன்ன இரண்டாவது பங்கீட்டு விதியைப் பின்னோக்கிப் பயன்படுத்தினால் B + 1·B' கிடைக்கிறது. அது B + B', அதாவது 1. இணை விதியான A(A + B) = A என்பதற்குத் தனி உழைப்பு வேண்டியதில்லை: விரித்தால் AA + AB, அதாவது A + AB, அதாவது A.

மூன்றாவதாக ஒன்று உண்டு: A + A'B = A + B. இதற்கு இரண்டு நிறுவல்கள் இருக்கின்றன. குறுகியது (A + A')(A + B) என்று ஒரே அடியில் முடிந்துவிடும். நீளமானது இப்படிச் செல்கிறது:

```
A + A'B = A + AB + A'B
        = A + B(A + A')
        = A + B
```

முதல் வரியைக் கவனியுங்கள். A இருக்குமிடத்தில் AB-ஐயும் சேர்த்து எழுதியிருக்கிறோம். உட்கவர் விதி "AB-ஐ நீக்கலாம்" என்று மட்டும் சொல்லவில்லை. சமன்பாட்டுக்கு இரண்டு திசைகள் உண்டு என்பதால், "A இருந்தால் AB-ஐ வேண்டும்போது வரவழைத்துக்கொள்ளலாம்" என்றும் சொல்கிறது. வாசகர் கேட்ட நீட்டலும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே ஒரு பழைய கருத்து வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் பூல் தம்முடைய முறையில் ஒன்றையொன்று தொடாத வகுப்புகளுக்கு இடையில்தான் கூட்டலை அனுமதித்தார். அவரிடம் கழித்தலும் இருந்தது. A + A = A என்று கொள்ளலாம் என வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1860-களில் முன்வைத்தபோது பூல் அதை ஏற்கவில்லை. நாம் இன்று பயன்படுத்தும் கூட்டல் ஜெவன்ஸின் பக்கத்தைச் சேர்ந்தது. பூலின் கூட்டலில் A + AB என்று எழுதுவதே இயல்பாக இராது, ஏனெனில் A-யும் AB-யும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. உட்கவர் விதியைப் பெற்றதற்கு நாம் கொடுத்த விலை கழித்தல். ஒரு கூட்டலில் ஓர் உறுப்பு மற்றொன்றுக்குள் தடயமின்றி மறைந்துவிடுமானால், விடையிலிருந்து அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை இதிலிருந்தே வருகிறது: AB + A'C + BC = AB + A'C என்பதைக் கண்டவுடன் இருபுறமும் பொதுவானதை அடித்துவிட்டு BC = 0 என்று எழுதுவது. B-யும் C-யும் 1 ஆக இருக்கும்போது BC = 1; ஆயினும் சமன்பாடு குலையாமல் நிற்கிறது.

இனி கன்சென்சஸ் தேற்றம், அதாவது ஒருமித்த கருத்துத் தேற்றம். AB + A'C என்பதை ஒரு தேர்வுச் சுற்றாகப் பாருங்கள். A = 1 என்றால் வெளியீட்டுக்கு B வருகிறது; A = 0 என்றால் C வருகிறது. A ஓர் ஆளி. B, C இரண்டும் அதில் வந்து சேரும் இரு கம்பிகள். இரண்டு கம்பிகளிலும் 1 இருக்குமானால், ஆளி எந்தப் பக்கம் இருந்தாலும் வெளியீடு 1-தான். BC என்பது அந்த நிலையின் பெயர். இரண்டு சாட்சிகளும் ஒருமித்துச் சொல்லும்போது யாரைக் கேட்கிறோம் என்பது பொருட்டில்லை என்பதே தேற்றத்தின் பெயருக்குள் இருக்கும் பொருள்.

வாசகரின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. BC தேவையற்றது என்று நாம் சொல்லும்போது, "ஆளி ஒரு பக்கம் இருந்தால் முதல் உறுப்பு அதைப் பார்த்துக்கொள்ளும், மறுபக்கம் இருந்தால் இரண்டாம் உறுப்பு பார்த்துக்கொள்ளும்" என்று இரு நிலைகளாகப் பிரித்தே நினைக்கிறோம். BC என்னும் உறுப்பில் A-ஐப் பற்றிய பேச்சே இல்லை. எனவே அதை A உள்ள பங்கு, A இல்லாத பங்கு என்று வெட்ட வேண்டும். (A + A')-ஆல் பெருக்குவது அந்த வெட்டு. வித்தை எதுவும் அதில் இல்லை.

```
AB + A'C + BC
  = AB + A'C + BC(A + A')
  = AB + A'C + ABC + A'BC
  = (AB + ABC) + (A'C + A'BC)
  = AB(1 + C) + A'C(1 + B)
  = AB + A'C
```

நான்காம் வரியில் ABC தன் வீட்டைக் கண்டுகொள்கிறது: அது AB-இன் ஒரு பகுதி. A'BC அதுபோலவே A'C-இன் பகுதி. முழு BC-ஐ AB-யால் தனியாக விழுங்க முடியாது, A'C-யாலும் முடியாது. பாதிப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் இரண்டும் ஆளுக்குப் பாதியை உட்கவர்ந்துவிடுகின்றன. கன்சென்சஸ் தேற்றம் என்பது, என் பார்வையில், இரண்டு முறை செய்யப்பட்ட உட்கவர் விதிதான்.

மெய்யட்டவணையில் சரிபார்ப்பது எளிது. உட்கவர் விதிகளுக்கு நான்கு வரிகள் போதும்:

```
A B | AB  A+AB | A+B  A(A+B) | A'B  A+A'B
0 0 | 0    0   |  0     0    |  0     0
0 1 | 0    0   |  1     0    |  1     1
1 0 | 0    1   |  1     1    |  0     1
1 1 | 1    1   |  1     1    |  0     1
```

A+AB, A(A+B) என்னும் நிரல்கள் A-இன் நிரலோடும், A+A'B என்னும் நிரல் A+B-இன் நிரலோடும் வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. கன்சென்சஸ் தேற்றத்துக்கு எட்டு வரிகள் வேண்டும். இடப்பக்கத்தை L என்றும் வலப்பக்கத்தை R என்றும் குறிக்கிறேன்:

```
A B C | AB A'C BC | L R
0 0 0 | 0   0  0  | 0 0
0 0 1 | 0   1  0  | 1 1
0 1 0 | 0   0  0  | 0 0
0 1 1 | 0   1  1  | 1 1
1 0 0 | 0   0  0  | 0 0
1 0 1 | 0   0  0  | 0 0
1 1 0 | 1   0  0  | 1 1
1 1 1 | 1   0  1  | 1 1
```

L-உம் R-உம் ஒன்றே என்று பார்த்து நிறுத்திவிடாமல், BC-இன் நிரலில் 1 இருக்கும் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். 011 வரியில் A'C அதைத் தாங்குகிறது. 111 வரியில் AB தாங்குகிறது. இயற்கணிதத்தில் வெட்டிய A'BC, ABC என்னும் இரு பாதிகளே இங்கே இரண்டு வரிகளாக நிற்கின்றன.

அட்டவணை தவறையும் இதே வழியில் காட்டிக்கொடுக்கும். மறுப்பைக் கவனிக்காமல் AB + AC + BC என்பதிலும் BC-ஐ நீக்கிவிடுபவர்கள் உண்டு. 011 வரியைப் போட்டுப் பார்த்தால் AB-யும் AC-யும் 0, BC மட்டும் 1. நீக்கினால் அந்த வரி விழுந்துவிடும். ஒரு மாறி ஓர் உறுப்பில் நேராகவும் மற்றொன்றில் மறுப்பாகவும் இருந்தால்தான் தேற்றம் பொருந்தும்.

அட்டவணையால் காட்ட முடியாத ஒன்று உண்டு: அதில் நேரத்துக்கு நிரல் இல்லை. தேர்வுச் சுற்றை உண்மையான கேட்டுகளால் கட்டி, ஒவ்வொரு கேட்டும் 1 நானோ நொடி தாமதிக்கும் என்று கொள்வோம். B, C இரண்டும் 1-இல் நிற்க, A மட்டும் 1-இலிருந்து 0-க்கு மாறுகிறது. 1 நானோ நொடியில் AB விழுந்துவிடும். அதே கணத்தில்தான் இன்வெர்ட்டர் A'-ஐ 1 ஆக்குகிறது. A'C எழ 2 நானோ நொடிகள் ஆகும். இடையில் இரண்டு உறுப்புகளும் 0. அதன் விளைவாக, அட்டவணைப்படி 1-இலேயே நிற்க வேண்டிய வெளியீடு 2-ஆவது நானோ நொடியிலிருந்து 3-ஆவது வரை 0-க்குச் சரிந்து மீள்கிறது. 111-இலிருந்து 011-க்குப் போகும் வழியில் ஒருவர் கையைவிட்ட பிறகே மற்றவர் கைகொடுக்கிறார். நாம் நிறுவி நீக்கிய BC-ஐத் திரும்பச் சேர்த்தால், A-ஐப் பொருட்படுத்தாத அந்த உறுப்பு இடைவெளி முழுவதும் 1-இல் நின்று சரிவை அடைத்துவிடும்.

அதற்காக எல்லாச் சுற்றுகளிலும் BC-ஐச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. சரிவு அடங்கிய பிறகு கடிகாரத் துடிப்பு வந்து வெளியீட்டைப் படிக்கும் சுற்றில் அது வீண் கேட்டு. அதே வெளியீடு நேரடியாக ஒரு கடிகார உள்ளீட்டுக்கோ லாட்ச் ஒன்றுக்கோ போகுமானால், அந்த 1 நானோ நொடிச் சரிவைச் சுற்று ஒரு துடிப்பாக எண்ணிவிடக்கூடும். அங்கே BC-ஐ வடிவமைப்பாளர் எழுதி வைத்தால் மட்டும் போதாது. சுருக்கும் மென்பொருள் இதே தேற்றத்தைக் கொண்டு அதைத் தேவையற்றது என்று கண்டு நீக்கிவிடும் என்பதால், நீக்கக் கூடாது என்று குறித்தும் வைக்க வேண்டும்.