ஏப்ரல் 5-ஆ, மே 4-ஆ: எக்செல் ஒரு தேதியை எப்படிப் படிக்கிறது

மார்க்கெட்டிங் துறையில் இன்டர்னாகச் சேருபவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு ஃபைல் வந்துவிடும். விளம்பரத்தைப் பார்த்து விசாரித்தவர்களின், அதாவது லீட்களின், பட்டியல் அது: பெயர், ஊர், எந்த விளம்பரம் வழியாக வந்தார், எந்தத் தேதி. “மாசவாரியா எத்தனை லீட் வந்திருக்குன்னு ஒரு சம்மரி போட்டுக் கொடுங்க” என்பார் மேனேஜர். தகவலை வகைவாரியாகச் சுருக்கித் தரும் எக்செலின் பிவட் டேபிள் தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை போலத் தெரியும். ஆனால் அந்தத் தேதி நெடுவரிசைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போட்டால், வரும் சம்மரி முழுக்கத் தவறாக இருக்கலாம். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

காரணம் எக்செலின் அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு செல்லில் நாம் பார்ப்பது ஒன்று, உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது வேறொன்று. தேதி என்று தனியாக ஒரு பொருள் எக்செலுக்குள் கிடையாது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து அங்கிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். 2023 மார்ச் 15 என்பது அதன் கணக்கில் 45000. நாம் பார்க்கும் நாள், மாதம், வருடமெல்லாம் அந்த எண்ணுக்குப் போட்டுவிட்ட மேல்தோற்றம். எண்ணாக இருப்பதால்தான் இரண்டு தேதிகளைக் கழிக்க முடிகிறது, மாதவாரியாகப் பிரிக்க முடிகிறது. தேதி போலவே தோன்றினாலும் உள்ளே வெறும் எழுத்தாக இருந்தால் இதில் எதுவும் நடக்காது.

சரி, ஒரு எழுத்துச் சரம் எப்போது எண்ணாக மாறுகிறது? சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்கும் அந்த நொடியில். சிஎஸ்வியில் இருப்பது வெறும் எழுத்து மட்டுமே. தேதி போலத் தெரியும் ஒவ்வொன்றையும் எக்செல் படித்துப் பார்த்து, முடிந்தால் எண்ணாக மாற்றிவிடும். எந்த வரிசையில் படிப்பது, நாள் முதலா மாதம் முதலா என்பதைக் கணினியின் விண்டோஸ் ரீஜன் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். புது லேப்டாப்பில் அது பல நேரம் அமெரிக்க அமைப்பிலேயே விடப்பட்டிருக்கும்: மாதம் முதலில், நாள் பிறகு.

இப்போது ஒரு ஃபைலை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வாட்டர் ப்யூரிஃபையர் விற்கும் ஒரு நிறுவனம். 2024 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை தினமும் லீட் வந்திருக்கிறது. தேதிகள் நம் ஊர் வழக்கப்படி நாள்/மாதம்/வருடம் என்று பதிவாகியுள்ளன. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் அதைத் திறக்கிறோம்.

13/04/2024 என்ற வரியை எக்செல் பார்க்கிறது. 13-ஆவது மாதம் கிடையாது. எனவே இது தேதி இல்லை என்று முடிவுசெய்து எழுத்தாகவே விட்டுவிடுகிறது. 05/04/2024 வருகிறது. நாம் எழுதியது ஏப்ரல் 5. ஐந்தாவது மாதம் உண்டு, எனவே அதை மே 4 என்று படித்து எண்ணாக மாற்றி வைக்கிறது. திரையில் 5/4/2024 என்றே தெரிவதால் கண்ணுக்குச் சந்தேகமே வராது.

மொத்தம் 91 நாட்கள். அதில் ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்கள், ஆக 36 நாட்கள், தேதியாக மாறிவிடும். அந்த 36-லும் ஏப்ரல் 4, மே 5, ஜூன் 6 ஆகிய மூன்றில் மட்டும் நாளும் மாதமும் ஒரே எண் என்பதால் அவை சரியாக இருக்கும். மீதி 33 தவறு. எஞ்சிய 55 நாட்கள் எழுத்தாகவே நிற்கும்.

இந்த நிலையில் மாதவாரியாக எண்ணினால் என்ன ஆகும்? ஏப்ரல் மாதத்தின் முதல் 12 நாட்களின் லீடுகள் ஜனவரி 4, பிப்ரவரி 4 என்று டிசம்பர் 4 வரை சிதறிவிட்டன. மே மாதத்தவை ஒவ்வொரு மாதத்தின் 5-ஆம் தேதிக்கும், ஜூன் மாதத்தவை 6-ஆம் தேதிக்கும் போய்விட்டன. மூன்றே மாதம் நடந்த விளம்பரத்துக்கு, வருடத்தின் எல்லா மாதத்திலும் மூன்று மூன்று நாள் லீடு வந்ததாக ஒரு வரைபடம் கிடைக்கும். எழுத்தாக நிற்கும் 55 நாட்களின் லீடுகள் தேதியை வைத்து எண்ணும் `COUNTIFS` கணக்கில் சேரவே சேராது. வருடம் முழுக்க லீட் வந்த ஃபைலாக இருந்திருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

ஆகவே எதையும் சுருக்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒரு சோதனை. தேதி D நெடுவரிசையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, ஓரத்தில் எங்காவது இவற்றை அடியுங்கள்:

```
=COUNT(D2:D5000)
=COUNTA(D2:D5000)
=MIN(D2:D5000)
=MAX(D2:D5000)
```

`COUNT` எண்களை மட்டும் எண்ணும், `COUNTA` காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் சமமாக இல்லையென்றால் எழுத்துத் தேதிகள் கலந்திருக்கின்றன என்று பொருள். `MIN`, `MAX` இரண்டையும் தேதி வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். நம் ஃபைலில் 2024 ஜனவரி 4 என்றும் டிசம்பர் 6 என்றும் வரும். விளம்பரம் தொடங்கியதே ஏப்ரலில்தான். கண்ணாலேயே பார்க்க ஒரு சின்ன வழியும் இருக்கிறது: நெடுவரிசையை நாமாக இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுக்காமல் விட்டிருந்தால், எண்கள் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

நோய் இது என்று தெரிந்துவிட்டால் நல்ல மருந்து மூல ஃபைலுக்கே திரும்பிப் போவதுதான். இரட்டைக் கிளிக் செய்யாமல், காலி ஒர்க்புக்கில் `Data` மெனுவில் `From Text/CSV` கொடுத்து, வரும் முன்பார்வையில் `Do not detect data types` தேர்ந்தெடுத்து, `Transform Data` அழுத்துங்கள். எல்லாமே எழுத்தாகவே உள்ளே வரும். பிறகு தேதி நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக், `Change Type`, அதன் கடைசியில் `Using Locale`. அங்கே `Date` என்றும் `English (India)` என்றும் சொல்லிவிட்டால் நாள் முதலில் என்று சரியாகப் படித்துக்கொள்ளும்.

மூல ஃபைல் கைவசம் இல்லை, யாரோ திறந்து சேமித்து அனுப்பியதுதான் இருக்கிறது என்றால் ஃபார்முலாவால் மீட்கலாம்:

```
=IF(ISNUMBER(D2),
 DATE(YEAR(D2),DAY(D2),MONTH(D2)),
 DATE(MID(D2,7,4),MID(D2,4,2),LEFT(D2,2)))
```

எண்ணாக மாறியவற்றில் நாளையும் மாதத்தையும் திருப்பி மாற்றுகிறது. எழுத்தாக நின்றவற்றில் அந்தந்த இடத்து எழுத்துகளை வெட்டி எடுத்துத் தேதியாகக் கட்டுகிறது. ஆனால் இதை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நெடுவரிசை முழுக்க ஒரே கணினியில் ஒரே முறையில் மாறியிருக்க வேண்டும். இந்திய அமைப்புள்ள இன்னொரு கணினியிலிருந்து கொஞ்சம் வரிகளை யாராவது ஒட்டியிருந்தால், சரியாக இருந்தவற்றை இந்த ஃபார்முலா தவறாக்கிவிடும். நாள் 12-ஐத் தாண்டாத தேதிகளில் எது எங்கிருந்து வந்தது என்பதைச் செல்லைப் பார்த்துச் சொல்ல எந்த வழியும் இல்லை. இன்னொன்று, `DATE` பிழை காட்டாமலே சமாளித்துக்கொள்ளும் குணம் உடையது. 13-ஆவது மாதம் என்று கொடுத்தால் அடுத்த வருட ஜனவரியைத் திருப்பிக் கொடுக்கும். எனவே மாற்றிய பிறகும் `MIN`, `MAX` பார்க்க வேண்டும்.

இது இன்டர்ன்களை மட்டும் பிடிக்கும் தொல்லை இல்லை. மரபணு ஆய்வாளர்கள் பல வருடம் இதனால் அவதிப்பட்டார்கள். `MARCH1`, `SEPT1` என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுப் பெயரிடும் குழு பெயர்களையே `MARCHF1`, `SEPTIN1` என்று மாற்றியதை அறிவித்தது. 2023-ல் மைக்ரோசாஃப்ட் இப்படி எழுத்தும் எண்ணும் ஒட்டிவரும் சொற்களைத் தேதியாக்காமல் நிறுத்த ஒரு அமைப்பைக் கொடுத்தது. சாய்கோடு போட்ட தேதிகளுக்கு அது உதவாது.

தேதி சரியானதும் ஊர்ப் பெயர். இங்கேயும் அதே கதைதான், பார்ப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. பிவட் டேபிளில் Coimbatore என்று இரண்டு வரி வந்து நிற்கும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பிவட் கண்டுகொள்ளாது. எனவே காரணம் பெரும்பாலும் கடைசியில் ஒளிந்திருக்கும் ஒரு இடைவெளி. `=LEN(B2)` போட்டால் 10 வர வேண்டிய இடத்தில் 11 வரும். இதற்கு `TRIM` போதும் என்று நினைப்போம். ஆனால் வலைப்பக்கத்திலிருந்து நகல் எடுத்த பட்டியலில் `TRIM` போட்ட பிறகும் 11-ஏ வரலாம். வலைப்பக்கங்களில் வரி உடையாமல் இருக்கப் போடும் இடைவெளி வேறு ஒரு எழுத்து, அதன் எண் 160. `TRIM` நீக்குவது 32 என்ற எண்ணுள்ள சாதாரண இடைவெளியை மட்டும். முதலில் அதை இதாக மாற்றி, அப்புறம் நீக்க வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(B2,UNICHAR(160)," "))
```

கோவை, Kovai, CBE, Coimbatore எல்லாம் ஒரே ஊர் என்பதை எந்த ஃபார்முலாவும் தானாக அறியாது. அதற்கு இன்னொரு ஷீட்டில் இரண்டு நெடுவரிசையில் ஒரு பட்டியல் எழுதுங்கள்: இடப்பக்கம் வந்திருக்கும் எழுத்து, வலப்பக்கம் நாம் வைத்துக்கொள்ளும் பெயர். `XLOOKUP` அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கண்டுபிடித்து மாற்றும் `Find & Replace`-ஐவிட இது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. எதை எதாக மாற்றினோம் என்பது எழுத்தில் நிற்கும், அடுத்த மாத ஃபைலுக்கும் பயன்படும்.

இனி சுருக்குவது. எண்ணிக்கையும் கூட்டலும் பிவட்டுக்குச் சுலபம். விகிதம் வந்தால்தான் கவனம் வேண்டும். ஒரு விளம்பரத்தில் 100 கிளிக், 10 லீட், அதாவது 10%. இன்னொன்றில் 1000 கிளிக், 20 லீட், 2%. ஷீட்டில் ஒவ்வொரு வரியிலும் இந்தச் சதவீதம் இருந்து, பிவட்டில் அதற்கு `Average` கொடுத்தால் 6% என்று வரும். உண்மையில் 1100 கிளிக்குக்கு 30 லீட், சுமார் 2.7% தான். சின்ன விளம்பரமும் பெரிய விளம்பரமும் சம எடையில் சேர்ந்துவிட்டதால் வந்த வித்தியாசம் இது. சதவீத நெடுவரிசையைப் பிவட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். கிளிக்கையும் லீடையும் தனித்தனியாகக் கொண்டுபோய், `PivotTable Analyze` மெனுவில் `Fields, Items, & Sets` என்பதன் கீழ் உள்ள `Calculated Field`-இல் இப்படிக் கொடுங்கள்:

```
=Leads/Clicks
```

அது முதலில் இரண்டையும் கூட்டிவிட்டுத்தான் வகுக்கும். எனவே விளம்பரவாரியாகப் பார்த்தாலும், ஊர்வாரியாகப் பார்த்தாலும், மொத்த வரியிலும் சரியான விகிதமே வரும்.