மீன்முள் படம்

ஒரு குறைக்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று தேட, குறையை மீனின் தலையிலும் காரணங்களைப் பக்க முட்களிலும் எழுதி வரைவதுதான் ஃபிஷ்போன் டயகிராம். இதை ‘மீன் எலும்பு வரைபடம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மீனில் நாம் எடுத்துப் போடுவது முள்ளைத்தானே! மீன்முள் படம் என்பதே இயல்பான பெயர். முறையான அறிக்கையில் காரண விளைவுப் படம் எனலாம்.

ஜப்பானியப் பொறியாளர் கவோரு இஷிகாவா 1943இல் கவாசாகி எஃகு ஆலைப் பொறியாளர்களுக்கு விளக்கும்போது இதைப் பயன்படுத்தினார். அதனால் இஷிகாவா படம் என்றும் பெயர். ஜப்பானியத்தில் ‘தொக்குசேய் யோயின் ஸு’, அதாவது பண்பு–காரணிப் படம். இந்தப் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தலையில் எழுத வேண்டியது அளந்து பார்க்கக்கூடிய ஒரு பண்பு என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ‘தரம் சரியில்லை’ என்று தலையில் எழுதினால் எந்த முள்ளும் அதில் ஒட்டும். ‘பின்னிய துணியில் எண்ணெய்க் கறை’ என்று எழுதினால் யோசிக்க இடம் கிடைக்கும்.

அதையே ஸ்லைடில் வரைவோம். பவர்பாயிண்டில் Shift விசையை அழுத்திக்கொண்டு ஸ்லைடின் நடுவே இடமிருந்து வலமாக நேர்க்கோடு போடுங்கள். இது நடுமுள். வலது முனையில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், அதுதான் தலை. அப்புறம் மேலே இடப்பக்கத்தில் தொடங்கி, தலைப் பக்கம் சாய்ந்து நடுமுள்ளைத் தொடும் ஒரு கோடு. Ctrl+D கொடுத்து அதைப் பிரதி எடுத்தால் எல்லா முள்ளும் ஒரே சாய்வில் இருக்கும். கீழ்ப்பக்க முட்களுக்குக் கோட்டை மட்டும் Flip Vertical செய்யுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸையும் சேர்த்துத் திருப்பினால் எழுத்து தலைகீழாகிவிடும். சாய்வுக்கோடு நடுமுள்ளின் இடையில் தானாக ஒட்டிக்கொள்ளாது. நடுமுள்ளை நகர்த்தினால் மற்றவை அப்படியே நின்றுவிடும். அதனால் முடித்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Ctrl+G கொடுத்துவிடுங்கள்.

பெருமுட்களின் முனையில் ஆள், இயந்திரம், பொருள், முறை என்று எழுதுவது வழக்கம். இயந்திரம் என்ற முள்ளில் ‘ஊசியில் எண்ணெய் அதிகம்’ என்று ஒரு சிறுமுள் வரும். ஏன் அதிகம் என்று கேட்டால் ‘எண்ணெய் விடும் அளவு கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது’ என்று அதிலிருந்து இன்னொரு முள் கிளைக்கும். முறை என்ற முள்ளில் ‘பயிற்சி இல்லை’ என்று எழுதுவதைத் தவிருங்கள். அது நாம் மனத்தில் வைத்திருக்கும் தீர்வு, காரணம் போல வேடமிட்டு வருவது. ‘துடைக்காமலே அடுத்த ரோல் தொடங்குகிறது’ என்பது நேரில் பார்க்கக்கூடிய காரணம்.

படத்தில் இருப்பவை எல்லாம் சந்தேகங்கள்தான். கறை ஊசி ஓடிய திசையில் நீளக் கோடாக இருந்தால் முதலில் பின்னல் இயந்திரத்தைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொட்டுச் சொட்டாக இருந்தால் கையாளும் இடத்தையும் பார்க்க வேண்டும். சோதித்துத் தள்ளுபடியான முள்ளைச் சாம்பல் நிறமாக்கி, உறுதியானதைச் சிவப்பாக்கிவிட்டால், கூட்டத்தில் ஸ்லைடைப் பார்ப்பவருக்கு எது ஊகம், எது கண்டறிந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.