காண்ட்ராஸ்ட் ஸ்கேனும் மெட்ஃபார்மினும்: 48 மணி நேரம் கழித்து என்ன பார்க்கிறோம்?

"சாய மருந்து போட்டு சிடி ஸ்கேன் எடுக்கணும், மெட்ஃபார்மினை நிறுத்திட்டு வாங்க" என்றதும், அந்தச் சர்க்கரை நோய் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை அதுவல்ல. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை, சாய மருந்தோடு கலந்து விஷமாவதும் இல்லை. கிட்னி நன்றாக இருந்தால் அது உடலில் உருமாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிடியிலும் ஆஞ்சியோகிராமிலும் ஏற்றுவது அயோடின் கலந்த சாய மருந்து. ஏற்கெனவே தளர்ந்த கிட்னியை அது மேலும் தளர்த்தக்கூடும். அப்படித் தளர்ந்தால் மெட்ஃபார்மினுக்கு வெளியேற வழியில்லை. அது ரத்தத்தில் சேரச் சேர லாக்டிக் அமிலமும் கூடும். இது அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கிட்னி தாக்குப்பிடித்ததா என்று தெரியும்வரை மாத்திரையை நிறுத்தி வைக்கிறோம்.

யார் நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்ய கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்ற எண் மட்டும் போதாது. 35 வயது ஆணுக்கும் 62 வயதுப் பெண்ணுக்கும் கிரியேட்டினின் 1.2 என்றே வரலாம். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, கிட்னியின் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் ஈ.ஜி.எஃப்.ஆர். அந்த ஆணுக்கு 81, இந்த அம்மாவுக்கு 51. லேப் அறிக்கையில் கிரியேட்டினினுக்குக் கீழே இந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

ஈ.ஜி.எஃப்.ஆர். 30 முதல் 60 வரை உள்ளவர்கள் நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் அறிவித்தது. கல்லீரல் நோய், மதுப்பழக்கம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், தமனி வழியாகச் சாய மருந்து பெறுபவர்களுக்கும் அதே விதிதான். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி இவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை. சிரை வழியாக ஏற்றும்போது, திடீர் கிட்னி பாதிப்பு இல்லாமல் ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் குறையாமல் இருந்தால் நிறுத்தத் தேவையில்லை என்கிறது. ஆகவே ஒரு மருத்துவமனை நிறுத்தச் சொல்லி, இன்னொன்று சொல்லாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு என்று பொருளல்ல. 30க்குக் கீழே போனவர்கள், ஸ்கேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மெட்ஃபார்மின் எடுக்கவே கூடாது.

அந்த 62 வயது அம்மாவுக்குப் புதன் காலை 10 மணிக்கு வயிற்று சிடி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மருத்துவமனை எஃப்.டி.ஏ. விதிப்படி நடக்கிறது. செவ்வாய் இரவு மாத்திரை போடலாம். புதன் காலை முதல் மெட்ஃபார்மின் இல்லை, வியாழனும் இல்லை. வெள்ளி காலை 10 மணிக்குப் பிறகு மீண்டும் கிரியேட்டினின். 1.3 வந்தால் பெரிய மாற்றமில்லை. மருத்துவரிடம் காட்டிவிட்டு அன்றிரவு சாப்பாட்டோடு தொடங்கலாம். 1.6 வந்தால் 0.4 கூடியிருக்கிறது. 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலே திடீர் கிட்னி பாதிப்பு என்று கொள்வார்கள். அப்போது மாத்திரையைத் தொடங்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏன் 48 மணி நேரம்? கிட்னி அடிபட்டதும் கிரியேட்டினின் உடனே ஏறாது, ஓரிரு நாள் எடுக்கும். புதன் மாலையே பார்த்தால் எண் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்ப முடியாது. நடைமுறையில் அதிகம் தவறுவது இந்த இரண்டாவது பரிசோதனைதான். சிலர் இரண்டு நாள் எண்ணிவிட்டு, ரத்தம் பார்க்காமலே மாத்திரையைத் தொடங்குகிறார்கள். சிலர் தொடங்கவே மறந்து, வாரக்கணக்கில் சர்க்கரையை ஏறவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது கிட்னிக்கு இன்னொரு அடி. வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது, மயக்கம் தரும் சோர்வு வந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொரு குழி, கூட்டு மாத்திரை. நம் ஊரில் இன்னொரு சர்க்கரை மருந்தான கிளைமெபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாகவே பலருக்குக் கொடுக்கப்படுகிறது. கடைப்பெயரை மட்டும் அறிந்தவர், "நான் மெட்ஃபார்மின் சாப்பிடுறதில்லையே" என்று சொல்லிவிடுவார். தெரிந்து நிறுத்துபவருக்கோ கிளைமெபிரைடும் சேர்ந்து நின்றுபோய் சர்க்கரை ஏறும். அந்த இரண்டு நாளுக்குத் தனி கிளைமெபிரைடு வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். எழுதிக் கொடுத்தாலும் ஸ்கேனுக்காகப் பட்டினி இருக்கும் காலையில் அதைப் போடாதீர்கள், சர்க்கரை தாழ்ந்துவிடும். ஸ்கேன் மையத்துக்கு மருந்துப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு போவதைவிட, மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.