‘கல்லீரல் மூளைக்காய்ச்சல்’ வேண்டாமே

என் பெரியப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தமிழ்த் தாளில் ‘கல்லீரல் மூளைக்காய்ச்சல்’ என்று அச்சாகியிருந்தது. பெரியம்மா அதைப் படித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சுரமே இல்லை. சரி, குணமாகிவிட்டது என்று எண்ணி, வயிறு இளகிப் போகிறதே என்று பேதி மருந்தையும் நிறுத்திவிட்டார். நான்காம் நாள் பெரியப்பா பகலெல்லாம் தூங்கி, ராத்திரி எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பித்தானைப் போடத் தெரியாமல் விழித்தார்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ஹெபாட்டிக் எனசெபலோபதி. கிரேக்கத்தில் ஹெபார் என்றால் ஈரல், என்கெபலோஸ் தலைக்குள் இருப்பது, அதாவது மூளை, பாதோஸ் துன்பம். அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் பாதியைப் படித்துவிட்டு எனசெபலைட்டிஸ் என்று எடுத்துக்கொண்டார் போலும். அதுதான் மூளைக்காய்ச்சல்: கிருமி தாக்கி மூளையில் அழற்சி உண்டாவது. ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘பதி’ பாதிப்பு. இந்த ஓர் ஒட்டைக் கவனிக்காததால் நோயின் காரணமே மாறிப்போகிறது.

உண்மையான காரணம் குடலில் இருக்கிறது. நாம் தின்னும் புரதத்தைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது, குடற்சுவரின் செல்களும் கொஞ்சம் உண்டாக்குகின்றன. அது போர்ட்டல் சிரை வழியாக நேரே ஈரலுக்குப் போகும். ஈரல் அதை யூரியாவாக மாற்றும், சிறுநீரகம் வெளியேற்றும். வயலுக்குப் போடும் அதே யூரியாதான். இந்தச் சுழற்சியை 1932இல் கிரெப்ஸும் ஹென்சலைட்டும் கண்டறிந்தார்கள். ஈரல் சுருங்கித் தழும்பேறினால் இரண்டு கோளாறுகள் சேரும். மாற்றும் செல்கள் குறையும்; தழும்பு வழியை அடைப்பதால் ரத்தம் பக்கவழியில் ஈரலைத் தவிர்த்துவிட்டு ஓடும். 1893இலேயே பாவ்லோவ் இருந்த குழு நாய்களுக்கு அறுவை செய்து இப்படி ஒரு பக்கவழி அமைத்தது. இறைச்சி தின்றபின் அவை தள்ளாடின.

மூளைக்குப் போன அம்மோனியாவை அங்குள்ள நட்சத்திர வடிவத் துணைச்செல்கள் குளுட்டமினாக மாற்றிச் சமாளிக்கின்றன. குளுட்டமின் சேரச் சேர அவை தண்ணீரை இழுத்து ஊதும், நரம்புகளின் பேச்சு குழறும். அதனால் ‘மூளை வீக்கம்’ என்று எழுதுவோரை முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன். ஈரல் சில நாட்களில் திடீரெனச் செயலிழந்தால் மூளை உண்மையிலேயே வீங்கி உயிரைக் குடிக்கும். ஆனால் நாட்பட்ட ஈரல் நோயில் அப்படிப்பட்ட வீக்கம் அரிது. ‘மூளைச் சிதைவு’ என்பதும் சில இடங்களில் தென்படுகிறது. அது இன்னும் மோசம். சிதைந்தது திரும்பாது என்றுதானே நமக்குப் பொருள்? இது பெரும்பாலும் திரும்புகிறது.

பெரியப்பாவையே பாருங்கள். கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னார் மருத்துவர். ஒரு கணம் நிற்கும், சட்டென விழும், மீண்டும் எழும், பறவை சிறகடிப்பதுபோல. மருத்துவர் ரத்த அம்மோனியா அளவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண் கூடினாலும் தெளிவாக இருப்பவர் உண்டு என்றார். மூன்று நாளாக மலம் கழியாததுதான் அவர் தேடிய விடை. குடலில் தங்கிய ஒவ்வொரு நாளும் அம்மோனியா ஊறிக்கொண்டே இருக்கும். ரத்தக் கசிவு, தொற்று, தூக்க மாத்திரை ஆகியவையும் இந்த நிலையைத் தூண்டிவிடக்கூடும். பெரியம்மா நிறுத்திய அதே பேதி மருந்தான லாக்டுலோஸ் பாகை மீண்டும் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா அதை அமிலமாக்கும். அமிலத்தில் அம்மோனியா ரத்தத்துக்குள் எளிதில் நுழையாத வடிவமாக மாறி மலத்தோடு போய்விடும். தினம் இரண்டு மூன்று முறை இளகிப் போவதுதான் மருந்தின் அளவே. பெரியம்மா பக்கவிளைவு என்று நிறுத்தியது சிகிச்சையையே. தாளில் ‘காய்ச்சல்’ என்று இருந்தால் யார்தான் வயிற்றுப்போக்கைச் சிகிச்சை என்று நினைப்பார்கள்?

அப்புறம் எந்தச் சொல்? பழைய ‘ஈரல் மயக்கம்’ எனக்குப் பிடிக்கும். மயங்கொலி என்கிறோமே, ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் இன்று மயக்கம் என்றால் விழுந்துகிடப்பது என்றே ஆகிவிட்டது. அது கடைசிக் கட்டத்துக்குத்தான் பொருந்தும். முதல் கட்டத்தில் தூக்கம் தலைகீழாகும், கையெழுத்து கோணும், கணக்கு தப்பும். அதையும் உள்ளடக்க ‘ஈரல்வழி மூளைத் தடுமாற்றம்’ என்பேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘எனசெபலோபதி’யை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவைப்பதைவிடப் பரவாயில்லை. பெரியம்மா இப்போது ‘ஈரல் தடுமாத்தம்’ என்று சுருக்கிக்கொண்டார். தெர்மாமீட்டர் பெட்டிக்குள் போய்விட்டது.