புது மாடல் வரப்போகிறது என்றால் காருக்காகக் காத்திருக்கலாமா?

பழைய கார்களை மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில். விற்பவர் கேட்கும் விலை நியாயமா, வண்டி எங்கேனும் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்காக என்னை அழைப்பார்கள். ஆனால் சில ஆண்டுகளாக, புதுக் கார் வாங்கப் போகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: “இந்த மாடலுக்குப் புது வடிவம் வரப்போகிறதாமே, இப்போது வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?”

வரப்போவது எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஃபேஸ்லிஃப்ட் என்பது வேறு, புதிய தலைமுறை என்பது வேறு. ஃபேஸ்லிஃப்டில் முன் பம்பர், கிரில், விளக்குகள், சக்கரங்கள், உள்ளே இருக்கும் திரை, இருக்கைத் துணி போன்றவை மாறும். கதவுகள், கூரை, அடிச்சட்டம் எல்லாம் பழையபடியே இருக்கும். தலைமுறை மாறும்போது உடற்கூடே புதிதாக வரும். எஞ்சினும் பாதுகாப்பு அமைப்பும் பெரும்பாலும் அப்போதுதான் பெரிய அளவில் மாறுகின்றன. இந்தியச் சந்தையில் ஒரு மாடல் வந்து ஏறத்தாழ மூன்று ஆண்டில் ஃபேஸ்லிஃப்டும், ஆறேழு ஆண்டில் புதிய தலைமுறையும் வருவது வழக்கம். ஹூண்டாய் வென்யூ 2019-இல் வந்தது, 2022-இல் முகம் மாறியது, 2025 நவம்பரில் புதிய தலைமுறை வந்தது. மாருதி டிசையரின் முந்தைய தலைமுறை 2017-இல் வந்தது, 2020-இல் முகமும் எஞ்சினும் மாறின, 2024-இல் அடுத்த தலைமுறை வந்தது. நீங்கள் வாங்க நினைக்கும் காருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, வரப்போவது எதுவாக இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

வெறும் ஃபேஸ்லிஃப்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் நான் பொதுவாகச் சொல்வது. விதிவிலக்கு உண்டு. 2024 ஜனவரியில் வந்த கிரெட்டா ஃபேஸ்லிஃப்டில் டர்போ பெட்ரோல் எஞ்சினும், ரேடார், கேமரா உதவியால் தானே பிரேக் போடும் வசதியும் சேர்ந்தன. அந்த எஞ்சின்தான் வேண்டும் என்றவர்கள் பொறுத்திருந்ததில் அர்த்தம் இருந்தது. புது விளக்குக்காகவும் பெரிய திரைக்காகவும் மட்டும் நாலைந்து மாதம் பொறுப்பவரிடம், “அதற்குப் பதில் அந்தச் செய்தியைக் காட்டி டீலரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள்” என்பேன்.

தலைமுறை மாற்றத்தில்தான் உண்மையாகவே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 2024 தீபாவளிக்கு முன்பு என்னிடம் வந்த ஒருவரின் கணக்கை இங்கே சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் வங்கியில் வேலை செய்பவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், அடிக்கடி இரவில் நெடுஞ்சாலைப் பயணம். டிசையரின் உயர்ந்த வேரியன்டான இசட்எக்ஸ்ஐ பிளஸ், ஆட்டோமேட்டிக், வாங்க முடிவு செய்திருந்தார். எக்ஸ் ஷோரூம் விலை சுமார் 9.4 லட்சம். பழைய காரைக் கொடுத்தால் தரும் போனஸ், பண்டிகைச் சலுகை எல்லாம் சேர்த்து 40 ஆயிரம் குறைப்பதாக டீலர் சொல்லியிருந்தார். தீபாவளிக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசை.

அந்த மே மாதமே புதிய தலைமுறை ஸ்விஃப்ட் வந்துவிட்டது. அதில் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதில் மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்தது, எல்லா வேரியன்டிலும் ஆறு ஏர்பேக் இருந்தது. டிசையர் ஸ்விஃப்டின் உடன்பிறப்பு. எனவே அதே எஞ்சினும் அதே ஏர்பேக்குகளும் டிசையருக்கும் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. சாலையில் மூடுதுணி ஒட்டி ஓடிய சோதனை வண்டிகளின் படங்களும் வந்துகொண்டிருந்தன. அவர் வாங்க நினைத்த டிசையரில் இருந்தது இரண்டே ஏர்பேக்.

நான் முதலில் அவரிடம் கேட்டது, இப்போது வைத்திருக்கும் காரைப் பற்றி. அதற்கு உடனே பணம் போட வேண்டிய வேலை ஏதும் இருக்கிறதா? கிளட்ச், டயர், இன்சூரன்ஸ் புதுப்பிப்பு? எதுவும் இல்லை என்றார். அப்படியானால் ஒன்றிரண்டு மாதம் பொறுப்பதால் அவருக்குக் கைக்காசு போகாது. இதே கேள்விக்கு “கியர்பாக்ஸ் தகராறு, முப்பதாயிரம் ஆகும்” என்று பதில் வந்திருந்தால் என் ஆலோசனையும் வேறாக இருந்திருக்கும்.

பொறுக்கச் சொன்னேன். நவம்பர் 11 அன்று, அதாவது தீபாவளி முடிந்து பதினொரு நாளில், புதிய டிசையர் வந்தது. அதற்குச் சில நாள் முன்பே குளோபல் என்கேப் மோதல் சோதனையின் முடிவும் வெளியானது: பெரியவர்களின் பாதுகாப்பில் புதிய டிசையருக்கு ஐந்து நட்சத்திரம். பழைய டிசையருக்கு அதே அமைப்பு கொடுத்தது இரண்டு நட்சத்திரம். இந்த நட்சத்திரங்கள் அக்டோபரில் எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆறு ஏர்பேக் வரும் என்ற ஒன்றை நம்பித்தான் பொறுக்கச் சொன்னேன், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் விலையில் ஒரு பொறி இருந்தது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சாலை வரி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும் 18. அவர் விரும்பிய அதே வேரியன்டின் புதிய விலை அப்போது 10.14 லட்சம். பழையதற்கு வரி 1.22 லட்சம் என்றால் புதியதற்கு 1.82 லட்சம். கார் விலையில் ஏறியது 74 ஆயிரம், வரியில் மட்டும் ஏறியது 60 ஆயிரம். கையைவிட்டுப் போன 40 ஆயிரம் சலுகையையும் சேர்த்தால், காத்திருந்ததற்கு ஒன்றே முக்கால் லட்சம் அதிகம் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் தனி.

அவர் முகம் வாடிவிட்டது. ஒருபடி கீழே இறங்கிப் பார்ப்போம் என்றேன். பிளஸ் இல்லாத இசட்எக்ஸ்ஐ ஆட்டோமேட்டிக் அப்போது 9.34 லட்சம். வரி 13 சதவீதம்தான், 1.21 லட்சம். இரண்டும் சேர்த்து 10.55 லட்சம். பழைய டிசையருக்குச் சலுகை போக அவர் கொடுத்திருக்கப் போவது 10.22 லட்சம். வித்தியாசம் 33 ஆயிரம். இதில் சன்ரூஃபும் சுற்றிலும் காட்டும் கேமராவும் கிடையாது. ஆனால் ஆறு ஏர்பேக்கும், ஐந்து நட்சத்திரம் வாங்கிய உடற்கூடும் உண்டு. இரவில் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு போகிறவருக்கு இவற்றில் எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதையே வாங்கினார்.

இதே டிசையர் விஷயத்தில் இன்னொருவர் பழையதை வாங்கினார், அதையும் நான் ஆமோதித்தேன். தினமும் ஊருக்குள் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் முதியவர் அவர். பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின், 90 குதிரைத் திறன் கொண்டது, சிக்னலில் நிற்கும்போது அதிர்வே தெரியாது. புதியது மூன்று சிலிண்டர், 82 குதிரைத் திறன். லிட்டருக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகக் கொடுக்கும், ஆனால் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் தெரியும். அவருக்கு அந்த அமைதிதான் வேண்டியிருந்தது, பத்து வருடத்துக்கு விற்கும் எண்ணமும் இல்லை.

விற்கும் எண்ணம் இல்லை என்பது முக்கியம். “பழைய வடிவத்தை வாங்கினால் விற்கும்போது விலை போகாதே” என்று பலரும் பயப்படுகிறார்கள். மூன்று ஆண்டில் விற்கிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஒரே ஆண்டில் பதிவான இரண்டு வடிவங்களும் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வாங்குகிறவர் கண் புதியதன் மேல்தான் போகும். ஏழெட்டு ஆண்டு ஓடிய காரில் நான் பார்ப்பது எஞ்சின் சத்தம், துரு, அடிபட்ட தடயம், சர்வீஸ் ரசீதுகள். அப்போது எந்தத் தலைமுறை என்பது விலையை அவ்வளவாக அசைப்பதில்லை.

காத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். தேதி தெரிந்தால் காத்திருங்கள், தெரியாவிட்டால் வேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் அதன் மேல் இருந்த செஸ்ஸும் போய் 18 சதவீதம் ஆனது. அந்த ஐந்து வாரமும் காத்திருக்கச் சொன்னேன், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் “அடுத்த வருடம் வருமாம்” என்ற யூடியூப் செய்தியை நம்பி ஓராண்டாகப் பழுதடைந்த வண்டிக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். நிறுவனம் தேதி சொல்லவில்லை, முன்பதிவு திறக்கவில்லை, டீலரும் பழைய மாடலின் வேரியன்டுகளை நிறுத்தத் தொடங்கவில்லை என்றால், அந்தச் செய்தியை நம்பி உங்கள் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

சலுகைக்காகப் பழைய மாடலை வாங்குவதாக முடிவு செய்தவர்களுக்கு ஒரு சோதனையைக் கட்டாயமாகச் சொல்வேன். கிடங்கில் பல மாதம் வெயிலில் நின்ற வண்டியை உங்கள் தலையில் கட்டிவிட வாய்ப்புண்டு. பணம் கட்டும் முன் சேஸிஸ் எண்ணையும், தயாரித்த மாதம், ஆண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஆர்.சி.யில் அதுதான் ஏறப்போகிறது, பிற்காலத்தில் என்னைப் போன்றவர்கள் விலை சொல்லும்போதும் அதைத்தான் பார்ப்போம். தர மறுத்தால் வண்டியின் பக்கத்தில் குனிந்து டயரின் ஓரத்தைப் பாருங்கள். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3224 என்றால் அந்த டயர் 2024-இன் 32-ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் செய்தது. டயர் பிறந்த பிறகுதான் அது காரில் ஏறியிருக்கும் என்பதால், கார் அதற்கு முன் தயாராகியிருக்க முடியாது. பொதுவாகச் சில வாரங்கள் கழித்துத் தயாராகியிருக்கும். ஸ்டெப்னி உட்பட ஐந்திலும் பாருங்கள், எண்கள் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் மட்டும் பல மாத வித்தியாசம் இருந்தால் அந்தச் சக்கரம் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தயாரிப்பு முந்தைய ஆண்டு என்று தெரிந்தால், சலுகையை மறுபடி பேசுங்கள். டீலர் முதலில் சொன்னது, புது மாடல் வருவதற்கான சலுகை மட்டுமே. ஒரு வயது கூடிப்போன வண்டிக்கு அதற்கு மேலும் குறைத்தாக வேண்டும், அதையும் ஆர்டர் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள்.