‘முக்கியத்துவம்’ அல்ல, ‘குறிப்புடைமை’

‘புள்ளியியல் முக்கியத்துவம் வாய்ந்த வேறுபாடு.’ இரண்டு விளம்பர வாசகங்களில் எதை அதிகம் பேர் கிளிக் செய்கிறார்கள் என்று பார்க்கும் ஏ/பி சோதனை அறிக்கைகளில் இந்தத் தொடரைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன். ‘சிக்னிஃபிகன்ஸ்’ என்பதற்கு இது பிழையான தமிழாக்கம்.

மூலச் சொல்லின் லத்தீன் வேர் ‘சிக்னும்’, அதாவது குறி. பொருளியலாளர் எட்ஜ்வர்த் 1885-இல் இதைப் புள்ளியியலில் பயன்படுத்தியபோது, வேறுபாடு எதையாவது குறித்துக் காட்டுகிறதா, தற்செயலா என்பதே கேள்வி. பெரியதா, பயனுள்ளதா என்பது அவர் கேட்டதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சேலைக் கடை ஒன்று ‘புதிய பருத்திச் சேலைகள்’ என்ற வாசகத்தை 2,000 பேருக்கும், ‘வெயிலுக்கு இதமான சேலைகள்’ என்பதை வேறு 2,000 பேருக்கும் குலுக்கல் முறையில் பிரித்துக் காட்டுகிறது. முதலாவதற்கு 60 கிளிக், இரண்டாவதற்கு 78. முப்பது விழுக்காடு கூடுதல்! ஆனால் இரு வாசகங்களுக்கும் ஈர்ப்பு ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதற்கு மேலோ இடைவெளி நூற்றில் சுமார் 12 முறை தற்செயலாகவே வரும். புள்ளியியலாளர் ஃபிஷர் 1925-இல் பரவலாக்கிய வரம்பு நூற்றுக்கு ஐந்து; தற்செயல் வாய்ப்பு அதற்கு மேல் போனால் வேறுபாடு தேறாது. ஆகவே இது தேறவில்லை. நம் மொழிபெயர்ப்பாளர் ‘முக்கியத்துவம் இல்லை’ என்று எழுதுவார். கடைக்காரர் நல்ல வாசகத்தைத் தூக்கி எறிவார். சோதனை சொன்னதோ, இந்த எண்ணிக்கையை வைத்து முடிவு கட்ட முடியாது என்பது மட்டுமே.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேறொரு சோதனையில் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு வாசகம், இன்னொரு இரண்டு லட்சம் பேருக்கு மற்றொன்று. கிளிக்குகள் 6,000, 6,240. இத்தகைய இடைவெளி தற்செயலாக வருவது நூற்றில் மூன்று முறைக்கும் குறைவு; எனவே தேறிவிட்டது. ஆனால் கிடைத்த லாபம் பத்தாயிரம் பேருக்குப் பன்னிரண்டு கிளிக். இதைப் போய் ‘முக்கியம்’ என்பதா?

‘குறிப்பிடத்தக்க’ என்று சிலர் மாற்றுகிறார்கள். நாளிதழ்த் தமிழில் அது ‘கணிசமான’ என்றே ஒலிக்கிறது; பழைய குழப்பம் அப்படியே நிற்கிறது. ‘பொருளுடைய’ பரவாயில்லை, ஆனால் வணிக அறிக்கையில் பொருள் என்றால் சரக்கும் பணமும் நினைவுக்கு வருகின்றன. நான் பரிந்துரைப்பது ‘குறிப்புடைய வேறுபாடு’. குறிப்பு என்பது உள்ளே இருப்பதை வெளியே காட்டும் அடையாளம். குறளின் ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தில் உள்ள குறிப்பும் அதுவே. லத்தீன் வேரோடும் இது பொருந்துகிறது.

புதிய சொல்லுக்கு அஞ்சும் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதை விட்டுவிட்டு, ‘இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம்’ என்று விரித்தே எழுதட்டும். கடைக்காரருக்கு அது புரியும்.