வேரியன்ட்: மாறுபாடா, உருப்படியா?

இணையத்தில் விற்க எங்களிடம் சட்டை அனுப்பும் திருப்பூர் வியாபாரி ஒருவர் பெங்களூரு அலுவலகத்துக்குப் போன் செய்து சத்தம் போட்டார். “மாறுபாட்டைச் சேர்க்கவும்னு திரை கேக்குதுங்க. என் சரக்குல மாறுபாடே கிடையாது, லாட் முழுக்க ஒரே தரம்.” அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. துணி வியாபாரத்தில் மாறுபாடு என்றால் சாயம் ஒத்துவராதது, அளவு பிசகியது. அதைப் போய்ச் சேர்க்கச் சொன்னால் யார்தான் சேர்ப்பார்?

அந்தத் திரையில் ஆங்கிலத்தில் இருந்தது வேரியன்ட். அந்தச் சொல் ‘மாறுதல்’ எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அகராதியைத் திறந்தவர் மாறுபாடு என்று எழுதிவிட்டுப் போகிறார். வேர் சரிதான். ஆனால் கடைத் தரவில் அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று அவர் பார்க்கவில்லை.

மூன்று அடுக்கு இருக்கிறது. ‘அரைக்கை காட்டன் சட்டை’ என்ற பக்கம் முதல் அடுக்கு. அதற்கு நிறம் கிடையாது, அளவு கிடையாது, அதை யாரும் போட்டுக்கொள்ள முடியாது. நிறம், அளவு என்ற தெரிவுகள் இரண்டாவது. சிவப்பு, எம் என்று இரண்டும் முடிவானதும் கையில் கிடைக்கும் சட்டை மூன்றாவது. அதுதான் வேரியன்ட். விலை, இருப்பு, பார்கோடு எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. பார்கோடு எண்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதியும் அளவோ நிறமோ வேறானால் தனி எண் வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆர்டர் வரியில் பதிவாவதும் `variant_id`தான். மாறுபாட்டுக்கு யாராவது பார்கோடு ஒட்டுவார்களா?

சொல் தப்பினால் தரவின் அமைப்பும் தப்புகிறது என்பதை நேரிலேயே பார்த்தேன். மாறுபாடு என்றதும் புதிதாக வந்த ஒரு தம்பி நிறத்தையும் அளவையும்தான் நினைத்தார். இருப்பை அவற்றின் மேலேயே ஏற்றிவிட்டார்: சிவப்பு 10, நீலம் 12, எஸ் 6, எம் 9, எல் 7. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் 22, கணக்கு அழகாக நேராகிறது. வாடிக்கையாளர் சிவப்பு எம் கேட்கிறார். சிவப்பும் இருக்கிறது, எம்மும் இருக்கிறது, ஆர்டர் விழுந்துவிடுகிறது. கிடங்கில் சிவப்பில் எஸ் 4, எல் 6 மட்டுமே. ஒன்பது எம்மும் நீலம். மொத்தம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட சில சேர்க்கைகளே திரும்பத் திரும்ப ரத்தாகின்றன என்றால், இருப்பைத் தெரிவின்மேல் வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே மென்பொருளில் இருப்பைச் சரிபார்க்கும் திரையும் உண்டு. ஏட்டில் 40, எண்ணினால் 37 என்றால் அந்த மூன்றுக்குப் பெயர் வேரியன்ஸ். அங்கே இருப்பு மாறுபாடு என்பது கச்சிதமான தமிழ். அந்த நல்ல சொல்லை இங்கே வீணடித்துவிட்டு அங்கே என்ன செய்வது? ஒரே திரைவரிசையில் இரண்டுக்கும் மாறுபாடு என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் திரையைக் காட்டுவதில்லை, எக்செல் தாளில் ஒற்றைச் சொற்களாக அனுப்புகிறார்கள். ஆனாலும் ‘இது எங்கே வரும்?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்க என்ன தடை என்று தெரியவில்லை.

தனித்தமிழ் நண்பர்கள் சிலர் ‘வேற்றுரு’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேற்றுரு என்றால் எதிலிருந்து வேறு? ஒரு மூல உரு இருந்து, மற்றவை அதிலிருந்து விலகியவை என்ற எண்ணத்தை அது கொண்டுவருகிறது. நீலச் சட்டை சிவப்புச் சட்டையின் வேற்றுருவா? இரண்டும் சரிசமமான பிள்ளைகள். மேலே இருப்பது வெறும் பக்கம், உருவே அல்ல. அந்த எண்ணம் தரவிலும் நுழைகிறது. முதலில் ஏற்றிய சிவப்பையே ‘பொருள்’ என்று வைத்து, மற்ற நிறங்களை அதன்கீழ் தொங்கவிடுகிறார்கள். சிவப்பு நின்றுபோனதும் அந்தப் பக்கத்தை அணைக்கிறார்கள், விற்றுக்கொண்டிருந்த நீலமும் சேர்ந்து காணாமல் போகிறது. ‘திரிபு’ என்பவர்களுக்குப் பதில் சுருக்கம்: கொரோனாவோடு அது ஒட்டிக்கொண்டது, தவிர பால் திரிவதும் நினைவுக்கு வரும்.

நம்மிடம் சொல் இருக்கிறது: உருப்படி. சலவைக்குப் போடும்போது எத்தனை உருப்படி என்றுதான் எண்ணுகிறோம். எண்ணக்கூடியது, கையில் எடுக்கக்கூடியது, சீட்டு ஒட்டக்கூடியது. பக்கத்தின் பெயராக இருக்கும் மேலடுக்குக்கு ஜவுளிக்கடை மொழியிலேயே ரகம் உண்டு. அது உருது வழி வந்தது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். சிக்பேட்டையிலும் ஈரோட்டிலும் கேட்டவுடன் புரிகிற சொல் அது. ரகம், தெரிவு, உருப்படி. இப்படி எழுதினால் அந்தத் தம்பிக்கு இருப்பை எங்கே வைப்பது என்ற சந்தேகமே வந்திருக்காது.

அடுத்த தொல்லை பண்டில், அதாவது பல பொருள்களைச் சேர்த்து ஒரே விலையில் விற்பது. கட்டு என்பதே அதன் மூலப்பொருள், அதனால் ‘மூட்டை’ என்று போட்டவர்களும் உண்டு, அதை விட்டுவிடுவோம். ‘தொகுப்பு’ என்பதுதான் பரவலாக இருக்கிறது. ஆனால் கடையில் ‘கோடைத் தொகுப்பு’ என்று பல ரகங்களைக் காட்டும் பக்கமும் அதே பெயரில் இருக்கிறது. ஒன்று பார்வைக்கு, இன்னொன்று ஒரே விலையில் வாங்குவதற்கு. ‘தொகை’ இலக்கணத்தில் அருமையான சொல், பில்லில் மட்டும் வேண்டாம். வாங்குபவர் திரையில் செட் என்றே இருக்கட்டும். செட் தோசை தின்னும் ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் ஆவணங்களில் கூட்டு உருப்படி என்பேன். உருப்படிகளால் ஆன உருப்படி என்று அந்தப் பெயரே அமைப்பைச் சொல்லிவிடுகிறது.

அப்பா-மகன் வேட்டி சட்டை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டரில் ஒரே வரி, உள்ளே நான்கு உருப்படி. கேட்ட அளவில் அப்பா சட்டை 7, அப்பா வேட்டி 5, மகன் சட்டை 3, மகன் வேட்டி 10 இருந்தால் செட் 3தான். யாராவது அந்த அளவு மகன் சட்டையை மட்டும் தனியாக வாங்கினால் அந்த நொடியே செட் 2 ஆக வேண்டும். செட்டுக்குத் தனி இருப்பு எண்ணைக் கையால் எழுதி வைக்கிற கடையில் இது நடக்காது, பழைய 3 அப்படியே நிற்கும். கூட்டு உருப்படிக்கு இருப்பு என்பது ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டியது, சேமித்து வைப்பதல்ல.

அப்புறம் திருப்பி அனுப்பும்போது பாருங்கள். தனித்தனி விலை 900, 600, 500, 400, மொத்தம் 2,400. செட் விலை 1,800, அதாவது முக்கால் பங்கு. மகன் சட்டை மட்டும் திரும்பி வந்தால் 375 ரூபாய்தான் திருப்பித் தர வேண்டும். 500 கொடுத்தால் மீதி மூன்றையும் 1,425க்குப் பதில் 1,300க்குக் கொடுத்ததாகிவிடும். ஆர்டர் வரியின் அடியில் நான்கு துணைவரிகள் போட்டு, பிரித்த விலையை விற்ற அன்றே அவற்றில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் விலை பின்னால் மாறும்போது 375ஐத் திரும்பக் கண்டுபிடிக்க வழியிருக்காது.

இந்தச் செட்டில் ஒரு சென்ட் பாட்டிலையும் போட்டுக் கவர்ச்சியாக விற்கலாம் என்று தோன்றும். இயல்பாகச் சேராத பொருள்களை ஒரே விலையில் விற்றால், 2017ஆம் ஆண்டு மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி உள்ளே இருப்பவற்றில் எது அதிக வரியோ அதுவே முழுவதற்கும். 2,500 ரூபாய்க்கு மேற்படாத சட்டைக்கு 5%, சென்டுக்கு 18%; சேர்த்து ஒரே விலை வைத்தால் சட்டையும் 18% கட்டும். சென்டுக்குத் தனி விலையும் தனி வரியும் போட்டுவிடுங்கள்.